லாஜிஸ்டிக்ஸ் கோஆர்டினேட்டர் இன்டர்வியூ: ஸ்டாக் இல்லை, லோடு வரவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது?

குடோன், டெஸ்பாட்ச் மேசை என்று பல வருடம் இருந்துவிட்டு, இப்போது புதியவர்களை நேர்காணல் செய்யும் பக்கத்தில் உட்கார்கிறேன். ஜூனியர் வேலைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது இரண்டே விஷயம்: சரக்கு தீர்ந்துபோனால் என்ன செய்வாய், லாரி வரவில்லை என்றால் என்ன செய்வாய். என்னிடம் வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு எல்லா இடத்திலும் ஒரே குடோனை எடுத்துக்கொள்கிறேன்: கோயம்புத்தூரில் இருந்து தண்ணீர் மோட்டார் பம்ப் வாங்கி, சென்னை மாதவரத்தில் வைத்து, கடைகளுக்கும் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கும் அனுப்பும் குடோன். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை.

"சிஸ்டத்தில் 14 பம்ப் காட்டுகிறது, ரேக்கில் ஒன்றுகூட இல்லை. முதலில் என்ன செய்வீர்கள்?" இதற்கு எப்படிப் பதில் சொல்வது?

"உடனே சப்ளையருக்கு ஆர்டர் போடுவேன்" என்றுதான் பத்தில் ஏழு பேர் சொல்கிறார்கள். அங்கேயே மதிப்பெண் போய்விடுகிறது. சரக்கு தீர்ந்துவிட்டதா, காணவில்லையா என்று இன்னும் தெரியாது. இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

தேடும் வரிசையைச் சொல்லுங்கள். முதலில் எடுத்து வைத்து பில் போடாத சரக்கு டெஸ்பாட்ச் வாசலில் நிற்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து, திரும்பி வந்த சரக்கும் அடிபட்ட சரக்கும் வைக்கும் மூலை. அப்புறம் கடைசியாக அந்தப் பொருள் உள்ளே வந்த தேதியின் வரவுப் பதிவு, அதாவது ஜிஆர்என். அதை சப்ளையரின் இன்வாய்ஸோடு வைத்துப் பார்ப்பேன்.

மூன்றாவதில்தான் அதிகமாக மாட்டும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் இதே கதைதான். ஒரு எச்.பி. பம்ப் சிஸ்டத்தில் 14, ரேக்கில் பூஜ்யம். பக்கத்து ரேக்கில் ஒன்றரை எச்.பி. பம்ப் சிஸ்டத்தில் 6, எண்ணிப் பார்த்தால் 20. ஒன்றில் 14 குறைகிறது, இன்னொன்றில் 14 கூடுகிறது. இரண்டு அட்டைப்பெட்டியும் ஒரே நீலம், ஒரே அளவு. லேபிளில் 1.0 என்பதும் 1.5 என்பதும் மட்டும்தான் வித்தியாசம். மூன்று நாளுக்கு முன் இரவில் வந்த லோடை இறக்கியவர் ஒன்றரை எச்.பி. பெட்டிகளைச் சிஸ்டத்தில் ஒரு எச்.பி. பம்பின் கோடு நம்பரில் பதிந்திருந்தார். நான் ஒரு எச்.பி. ரேக்கை மட்டும் நான்கு தடவை எண்ணி ஒரு காலைப் பொழுதை வீணாக்கிய பிறகுதான் பக்கத்து ரேக்கை எண்ணத் தோன்றியது. அதனால் நேர்காணலில் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "குறைகிற பொருளை மட்டும் எண்ண மாட்டேன், அதைப் போலவே இருக்கும் அடுத்த பொருளையும் எண்ணுவேன்." குடோனில் நின்றவர் சொல்கிற வார்த்தை அது. கேட்பவருக்கு உடனே தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. வித்தியாசம் கண்டுபிடித்தவுடன் நீங்களே சிஸ்டத்தில் எண்ணை மாற்றிவிடுவேன் என்று சொல்லாதீர்கள். எண்ணிய தாளில் ஸ்டோர் கீப்பரின் கையெழுத்து வாங்கி, சரிசெய்ய அனுமதி உள்ளவரிடம் கொடுப்பேன் என்பதுதான் சரியான பதில். தேடுகிறவரே கணக்கையும் திருத்தினால் நாளைக்குத் திருட்டு நடந்தாலும் தெரியாது.

"சரி, உண்மையாகவே தீர்ந்துபோய்விட்டது. கஸ்டமர் 10 கேட்டிருக்கிறார்" என்று அடுத்துக் கேட்டால்?

இந்த இடத்தில் கஸ்டமரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்விதான் பதிலின் உயிர்: "பத்தும் ஒரே நாளில் வேண்டுமா, முதலில் எத்தனை இருந்தால் உங்கள் வேலை நிற்காது?" பல தடவை பதில் "இன்றைக்கு மூன்று போதும்" என்று வரும். ஆர்டரில் பத்து என்று இருக்கும், ஆனால் பிளம்பர் இந்த வாரம் மாட்டப் போவது மூன்றுதான்.

அது தெரிந்தபின், வழியில் வந்துகொண்டிருக்கும் லோடில் எத்தனை இருக்கிறது, அதில் ஏற்கெனவே வேறு ஆர்டருக்கு ஒதுக்கியது எத்தனை என்று பார்ப்பேன். அடுத்த கிளையில் இருக்கிறதா என்று கேட்பேன். ஒன்றரை எச்.பி. கொடுத்தால் ஒத்துக்கொள்வாரா என்பதை சேல்ஸ் மூலம் கேட்பேன், நானாக மாற்றி அனுப்ப மாட்டேன். கடைசியில் ஒரு தேதி சொல்வேன்.

தேதி சொல்லும்போது கவனம். சப்ளையர் "வியாழக்கிழமை அனுப்புகிறோம்" என்றால் கஸ்டமருக்கு வியாழன் என்று சொல்லக் கூடாது. வியாழன் மாலை கோவையில் ஏற்றினால் வெள்ளி காலை குடோனுக்கு வரும், இறக்கி வரவு வைக்க மதியம் ஆகும், உள்ளூர் வண்டி சனிக்கிழமை காலைதான் கிளம்பும். ஆக, சனி மதியம். அனுப்புகிற நாளுக்கும் கிடைக்கிற நாளுக்கும் இடையில் இருக்கும் இந்த இரண்டு நாளை மறப்பவர்கள்தான் பாதித் தாமதங்களை உண்டாக்குகிறார்கள்.

"எப்போது மறு ஆர்டர் போட வேண்டும் என்று எப்படி முடிவு செய்வீர்கள்?" கணக்குக் கேள்வி வருமா?

வரும். பேனா கொடுத்து எழுதச் சொல்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பெருக்கல் கழித்தல்தான்.

ஒரு எச்.பி. பம்ப் ஒரு நாளைக்குச் சராசரி 8 விற்கிறது. ஆர்டர் போட்டு குடோனுக்கு வந்து சேர 5 வேலை நாள். அந்த ஐந்து நாளில் 40 விற்கும். 40 மிச்சமிருக்கும்போது ஆர்டர் போட்டால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் லாரி வரும் அன்று ரேக் காலி. ஒரு நாள் தள்ளினாலும் போச்சு. அதனால் கையிருப்பாகக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். பழைய பதிவில் பார்த்தால் விற்பனை அதிகபட்சம் ஒரு நாளைக்கு 11 வரை போயிருக்கிறது, லோடு அதிகபட்சம் 7 நாள் எடுத்திருக்கிறது. 11 ஐ 7 ஆல் பெருக்கினால் 77. அதில் 40 ஐக் கழித்தால் 37. அந்த 37 தான் பாதுகாப்புக் கையிருப்பு. ஆக, 77 மிச்சமிருக்கும்போதே மறு ஆர்டர் போட வேண்டும்.

இதோடு நிறுத்தினால் பாஸ். இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்தால் நல்ல மதிப்பெண். இந்த முறை, விற்பனையும் தாமதமும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகும் என்று எடுத்துக்கொள்கிறது. அது அபூர்வம். வேகமாக ஓடும் பொருளுக்குப் பரவாயில்லை, மாதத்துக்கு நான்கு விற்கும் விலை உயர்ந்த பம்புக்கு இப்படிப் போட்டால் பணம் ரேக்கில் தூங்கும். இதைச் சொல்லிவிடுங்கள்.

சராசரி விற்பனையை எங்கிருந்து எடுப்பது? அதில் என்ன தப்பு வரும்?

இதை யாரும் கேட்காமலே நீங்கள் சொன்னால் நான் நிமிர்ந்து உட்காருவேன். கடந்த மாதம் 26 வேலை நாளில் 160 பம்ப் விற்றிருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்கிறது. வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 6. ஆனால் அந்த 26 நாளில் 6 நாள் ரேக்கே காலி. அந்த ஆறு நாளும் விற்பனை பூஜ்யம் என்றுதான் பதிவாகியிருக்கும், கேட்டு வந்து திரும்பிப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. சரக்கு இருந்த நாட்கள் 20. 160 ஐ 20 ஆல் வகுத்தால் 8.

6 என்று நம்பி ஐந்து நாளுக்குக் கணக்குப் போட்டால் 30, உண்மையில் வேண்டியது 40. ஆர்டர் குறையும், அடுத்த மாதம் இன்னும் சீக்கிரம் தீரும், சராசரி இன்னும் இறங்கும். தீர்ந்துபோனதே அடுத்த தடவை தீர்ந்துபோகக் காரணமாகிவிடும். சில பொருள்கள் மட்டும் திரும்பத் திரும்ப இல்லாமல் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் இதுதான் முதல்.

எக்செல் டெஸ்ட் வைப்பார்களாமே, எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும்?

ஒரு தாளில் ஆர்டர், இன்னொரு தாளில் ஸ்டாக் கொடுத்து, எதற்குச் சரக்கு இல்லை என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஆர்டர் தாளில் A2 இல் பொருளின் கோடு, Stock தாளின் முதல் பத்தியில் கோடு, மூன்றாவது பத்தியில் எண்ணிக்கை என்றால், இந்த ஒரு வரி தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடியும்:

```
=VLOOKUP(A2,Stock!A:C,3,FALSE)
```

கடைசியில் FALSE போட மறந்தால் பக்கத்துப் பொருளின் எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். அதைவிடப் பெரிய பொறி #N/A. அது சரக்கு இல்லை என்று சொல்லவில்லை, அந்தக் கோடு பட்டியலில் கிடைக்கவில்லை என்று சொல்கிறது. கோடின் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தாலோ, ஒரு தாளில் எண்ணாகவும் இன்னொன்றில் எழுத்தாகவும் இருந்தாலோ அப்படி வரும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று IFERROR போட்டு பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். அவ்வளவுதான், ரேக் நிறைய இருக்கும் பொருள் ரிப்போர்ட்டில் தீர்ந்துபோய்விட்டது. #N/A வந்த வரிகளைத் தனியாக எடுத்துக் கோடைச் சரிபார்ப்பேன் என்று சொல்லுங்கள்.

"காலை 9 மணிக்கு வர வேண்டிய லாரி வரவில்லை. என்ன செய்வீர்கள்?" இதற்கு நல்ல பதில் எப்படி இருக்கும்?

ஒரு சம்பவமாகவே எடுத்துக்கொள்வோம். கோவையில் மாலை 7 மணிக்கு 60 பம்போடு நேராக ஒரு கஸ்டமரின் குடோனுக்கு லாரி கிளம்பியது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர், சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழி. இரவு 1 மணிக்கு ஆத்தூர் தாண்டி கிளட்ச் போய்விட்டது. உங்களுக்குத் தெரிய வந்தது காலை 6 மணிக்கு.

தெரிய வந்ததே எப்படி? டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்குப் போன் போட்டால் "வந்துட்டே இருக்கு சார்" என்பார்கள். அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை. டிரைவரிடமே "அண்ணே, கடைசியா எந்த டோல்கேட் தாண்டினீங்க, எத்தனை மணிக்கு?" என்று கேட்க வேண்டும். அதற்கு ஊர் பெயரும் மணியும்தான் பதிலாக வர முடியும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்து மிச்ச தூரத்தை வகுத்தால் எப்போது வரும் என்று நமக்கே தெரிந்துவிடும். 9 மணி லோடுக்கு 6 மணிக்கே இந்தப் போன் போடுவேன் என்று சொல்வது முக்கியம். 9:30க்குக் கஸ்டமர் கூப்பிட்ட பிறகு தேட ஆரம்பிப்பவர் கோஆர்டினேட்டர் இல்லை.

இனி முடிவு. ஒன்று, அங்கேயே சரிபண்ணுவது. மெக்கானிக் 9 மணிக்கு வந்து, சாமான் சேலத்தில் இருந்து வந்து, மாலை 4 மணிக்கு முடியும் என்கிறார். அங்கிருந்து சென்னைக்கு 8 மணி நேரம், நள்ளிரவு ஆகும். இன்னொன்று, சேலத்தில் இருந்து வேறு வண்டி. எட்டரைக்கு வரும், 60 பெட்டி மாற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல், பத்து மணிக்குக் கிளம்பினால் மாலை 6 மணி. தாம்பரம் நெரிசலையும், நெரிசல் நேரத்தில் நகருக்குள் கனரக வண்டிக்கு இருக்கும் தடையையும் சேர்த்தால் எட்டு.

"வேறு வண்டி, நான்கு மணி நேரம் மிச்சம்" என்று எல்லோரும் குதிப்பார்கள். கொஞ்சம் நில்லுங்கள். கஸ்டமரின் குடோன் மாலை 6 மணிக்கு மூடுகிறது. எட்டு மணிக்கு வந்தாலும் நள்ளிரவில் வந்தாலும் அவருக்குச் சரக்கு கிடைப்பது நாளை காலைதான். அப்படியானால் வண்டி மாற்றுவதில் என்ன லாபம்? நாளைக் காலை என்று கொடுக்கும் வார்த்தை நிச்சயமாகிறது. மெக்கானிக் சொன்ன நான்கு மணி ஏழு ஆகலாம், இல்லை மறுநாள் ஆகலாம். நாளையும் தவறினால் கஸ்டமருக்குப் பெரிய நஷ்டம் என்றால் மாற்றுவேன், அவர் ஒரு நாள் பொறுப்பார் என்றால் சரிபண்ண விடுவேன், எதுவானாலும் கூடுதல் வாடகை யார் தலையில் என்று ஒப்பந்தத்தைப் பார்த்து மேலதிகாரியிடம் கேட்பேன். இப்படிச் சொன்னால் போதும். இரண்டில் எது சரி என்பதைவிட நீங்கள் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்றுதான் பார்ப்போம்.

வண்டி மாற்றினால் பேப்பரில் என்ன மாற்ற வேண்டும்?

சரக்கோடு போகும் ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லில், வண்டி விவரம் இருக்கும் பார்ட் பி பகுதியில் புது வண்டி நம்பர் ஏற வேண்டும், புது வண்டி நகர்வதற்கு முன். பழைய நம்பரோடு போய் வழியில் சோதனையில் மாட்டினால் வண்டியே நிறுத்தப்படும், நான்கு மணி நேரம் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாள் போகும்.

காலாவதியையும் கேட்பார்கள். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டர் வரை ஒரு நாள், அதற்கு மேல் ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் அதன் மிச்சத்துக்கும் இன்னொரு நாள். 500 கிலோமீட்டருக்கு 3 நாள், ஆக இந்தக் கதையில் காலாவதி பிரச்சினை இல்லை. வண்டி இரண்டு மூன்று நாள் நின்றுவிட்டால் நீட்டிக்க வேண்டும். முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும்தான் அந்த வாய்ப்பு.

பெட்டிகளை மாற்றும்போது எண்ணி, போட்டோ எடுத்து, லாரி ரசீதில் எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். இரவில் ரோட்டோரம் மாற்றிய லோடில்தான் பெட்டி குறையும். சரக்கு வந்து இறக்கும்போது 58 தான் இருந்தால், "2 பெட்டி குறைவு" என்று டெலிவரி ரசீதில் எழுதி டிரைவரின் கையெழுத்து வாங்க வேண்டும். சுத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

கோபமாக இருக்கும் கஸ்டமரிடம் என்ன சொல்வீர்கள் என்று நடித்துக் காட்டச் சொன்னார்கள். என்ன பேசுவது?

கீழே இருப்பது போல ஆறேழு வாக்கியம் போதும்.

"சார், வணக்கம். உங்க 60 பம்ப் இன்னைக்குக் காலைல வர முடியாது. வண்டி ஆத்தூர்கிட்ட கிளட்ச் போய் நிக்குது. வேற வண்டி ஏற்பாடு பண்ணிட்டோம், நாளைக்குக் காலை 9 மணிக்கு உங்க குடோன் வாசல்ல இருக்கும். இன்னைக்கே கண்டிப்பா எத்தனை வேணும்னு சொல்லுங்க, எங்க குடோன்ல 12 இருக்கு, மதியத்துக்குள்ள அனுப்பிடறேன். புது வண்டி கிளம்பினதும் 10 மணிக்கு நானே மறுபடி கூப்பிடறேன்."

முதல் வாக்கியத்திலேயே கெட்ட செய்தி வந்துவிடுகிறது. காரணம் ஒரே வரி. அப்புறம் ஒரு மணி, ஒரு மாற்று ஏற்பாடு, அடுத்த போன் எப்போது என்பது. 10 மணிக்குச் சொல்ல புதிதாக எதுவும் இல்லை என்றாலும் கூப்பிட வேண்டும். "டிரான்ஸ்போர்ட்காரன் தப்பு சார்" என்று சொல்லாதீர்கள், அந்த டிரான்ஸ்போர்ட்டைத் தேர்ந்தெடுத்தது நம் கம்பெனிதான்.

"இரண்டு கஸ்டமர், ஒருவருக்குப் போதுமான சரக்கு. யாருக்குக் கொடுப்பீர்கள்?"

"பெரிய கஸ்டமருக்கு" என்று பட்டென்று சொல்ல வேண்டாம். அந்த முடிவு ஜூனியருடையது இல்லை. யார் ஆர்டர் முதலில் வந்தது, யாருக்கு எழுத்தில் தேதி கொடுத்திருக்கிறோம், யார் பாதி வாங்கிக்கொள்வார் என்ற மூன்றையும் விசாரித்து, என் யோசனையோடு மேலதிகாரியிடம் போவேன் என்று சொல்லுங்கள். வெறுங்கையோடு போய் "என்ன சார் பண்றது" என்று நிற்க மாட்டேன் என்பதும் அதில் தெரிய வேண்டும்.

எனக்கு அனுபவமே இல்லை. "நீங்கள் சமாளித்த ஒரு தாமதத்தைச் சொல்லுங்கள்" என்றால்?

கதை கட்டாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். கல்லூரி விழாவுக்குச் சாப்பாடு வராமல் போனது, அப்பா கடைக்குச் சரக்கு வராதது என்று உண்மையாக நடந்ததைச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தெரிந்தது, யாரிடம் முதலில் சொன்னீர்கள், எத்தனை பேருக்குக் குறைந்தது என்ற விவரம் இருந்தால் அது லாஜிஸ்டிக்ஸ் அனுபவம்தான். ஒரு பையன் தன் அம்மா நடத்தும் இட்லி மாவு வியாபாரத்தைச் சொன்னான். கிரைண்டர் கெட்டுப்போன அன்று 40 பாக்கெட்டில் 25 தான் போட முடிந்ததாம், காலையில் ஆறு மணிக்கே எல்லாக் கடைக்கும் போன் போட்டு, எந்தக் கடை பாதி வாங்கிக்கொள்ளும் என்று கேட்டிருக்கிறான். அவனைத்தான் எடுத்தோம்.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்களே?

இரண்டு கேளுங்கள். "அன்றைக்கே டெஸ்பாட்ச் ஆக ஆர்டர் எத்தனை மணிக்குள் வர வேண்டும்? அதற்குப் பிறகு வந்தால் யார் அனுமதி கொடுப்பார்?" இது ஒன்று. "எத்தனை நாளுக்கு ஒரு தடவை ரேக்கை எண்ணுகிறீர்கள்?" இது இன்னொன்று. இரண்டாவதற்கு அவர்கள் "வருடக் கடைசியில்" என்று சொன்னால், வேலையில் சேர்ந்த முதல் வாரமே சிஸ்டம் ஸ்டாக்கை நம்பாமல் நீங்களாக எண்ண ஆரம்பித்துவிடுங்கள், வேகமாக ஓடும் பத்துப் பொருளில் இருந்து.